கோத்தகிரியிலிருந்து கிள்ளானுக்கு 60 சாக்குத் தேயிலை: சரக்கு எங்கே, எப்போது வரும், தாமதமானால் யாரைக் கேட்பது என்பதை வாங்குபவருக்குச் சொல்லும் முறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துச் சிறிய தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரும் ஆர்டர் பெரும்பாலும் ஒரு முழு கன்டெய்னரை நிரப்பாது. ஐம்பது சாக்கு, அறுபது சாக்கு என்றுதான் கேட்பார்கள். அந்தச் சரக்கு வேறு பலருடைய சரக்கோடு சேர்ந்து ஒரே கன்டெய்னரில் போகும். துறைமுகத்தில் இதை எல்.சி.எல். என்பார்கள். முழு கன்டெய்னர் என்றால் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் ஒரு எண்ணைப் போட்டால் போதும், பெட்டி எங்கே என்று தெரிந்துவிடும். எல்.சி.எல். அப்படியில்லை. நடுவில் இன்னும் இரண்டு கைகள் இருக்கின்றன, எண்கள் மாறுகின்றன, கொழும்பில் பெட்டியே மாறலாம். வாங்குபவர் குழம்புவது அங்கேதான் என்பதால் இந்த வழிகாட்டி எல்.சி.எல். சரக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

உதாரணத்துக்கு ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். 30 கிலோ காகிதச் சாக்கில் 60 சாக்கு ஆர்த்தடாக்ஸ் தேயிலை, மூன்று பேலட், மொத்தம் 1,800 கிலோ. வாங்குபவர் மலேசியாவின் கிள்ளானில் மொத்த வியாபாரம் செய்யும் தமிழர். விலை சி.ஐ.எஃப். கிள்ளான் துறைமுகம், அதாவது கப்பல் கட்டணமும் காப்பீடும் நம் பொறுப்பு. சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, கிள்ளானில் இறங்க வேண்டும். மாதம் நவம்பர். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நல்ல வேகத்தில் பெய்யும் நேரம்.

முதலில், சரக்கு யார் கையில் என்று எழுதிவையுங்கள்

தேதிகளுக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். தாமதமானால் யாரைக் கேட்பது என்பதற்கான பதில் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் சரக்கைக் கையில் வைத்திருப்பவர் யாரோ, அவருக்குத்தான் உண்மை நிலவரம் தெரியும்.

நம் உதாரணத்தில் நான்கு கைகள். தொழிற்சாலை வாசலிலிருந்து தூத்துக்குடியில் சரக்கைப் பெட்டியில் ஏற்றவும் பிரிக்கவும் உள்ள கிடங்கான சி.எஃப்.எஸ். வாசல் வரை லாரிக்காரர் கையில், அதாவது நம் கையில். சி.எஃப்.எஸ். உள்ளே போனதிலிருந்து சுங்க அனுமதி கிடைக்கும்வரை வேலை முழுவதும் நம் சுங்க ஏஜென்டான சி.எச்.ஏ. செய்வது. அனுமதி கிடைத்த பிறகு பெட்டியில் ஏற்றி, கப்பலில் அனுப்பி, கிள்ளானில் இறக்கிப் பிரிக்கும்வரை, பலருடைய சரக்கை ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் கன்சாலிடேட்டர் பொறுப்பு. கிள்ளானில் பெட்டியைப் பிரித்த பிறகு, கன்சாலிடேட்டரின் அங்குள்ள ஏஜென்டிடம் டெலிவரி ஆர்டர் வாங்கிச் சரக்கை வெளியே எடுப்பது வாங்குபவரின் ஃபார்வர்டிங் ஏஜென்ட்.

இந்தப் பட்டியலில் கப்பல் நிறுவனம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கப்பல் நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருப்பது கன்சாலிடேட்டரோடு. அது கொடுக்கும் சரக்கு ரசீதான மாஸ்டர் பி.எல்.லில் அனுப்புபவர் பெயராகக் கன்சாலிடேட்டரும், பெறுபவர் பெயராக அவருடைய கிள்ளான் ஏஜென்டும்தான் இருப்பார்கள். நம் பெயரோ வாங்குபவர் பெயரோ அதில் இருக்காது. அதனால் வாங்குபவர் கோலாலம்பூரில் உள்ள கப்பல் நிறுவன அலுவலகத்தைக் கூப்பிட்டு "என் தேயிலை எங்கே?" என்று கேட்டால், அப்படி ஒரு சரக்கே எங்கள் பதிவில் இல்லை என்று பதில் வரும். அவர் பயந்துபோய் நமக்கு இரவில் போன் செய்வார். அவர் யாரைக் கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இது நடக்காது.

கிள்ளான் ஏஜென்டின் பெயரையும் முகவரியையும் எங்கே பார்ப்பது? கன்சாலிடேட்டர் நமக்குக் கொடுக்கும் ஹவுஸ் பி.எல்.லில் டெலிவரிக்கு யாரை அணுக வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். வரைவு பி.எல். நம் சரிபார்ப்புக்கு வரும்போது அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். எடையையும் சாக்கு எண்ணிக்கையையும் சரிபார்க்கிறவர்கள்கூட இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். வெறுமையாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எந்த எண்ணைக் கொடுப்பது

வாங்குபவருக்குத் தேவை இரண்டு எண்கள். ஒன்று ஹவுஸ் பி.எல். எண். இதுதான் அவருடைய சரக்கின் எண், கடைசிவரை மாறாது. கன்சாலிடேட்டரின் தளத்திலும் கிள்ளான் ஏஜென்டிடமும் இதைத்தான் சொல்ல வேண்டும். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இதைப் போட்டால் எதுவும் வராது.

இன்னொன்று கன்டெய்னர் எண். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்தது, `CSQU3054383` என்பது போல. எழுத்துகளில் நான்காவது `U` ஆக இருக்கும், கடைசி இலக்கம் மற்ற பத்தையும் சரிபார்க்கும் இலக்கம். ஒரு இலக்கம் தவறாகத் தட்டிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கடைசி இலக்கம் பொருந்தாமல், தளம் அந்த எண்ணை ஏற்காது. கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பெட்டியைப் பின்தொடரலாம்.

ஆனால் கன்டெய்னர் எண்ணில் இரண்டு சிக்கல் உண்டு. பெட்டி ஒரு பயணம் முடிந்தால் அடுத்த பயணத்துக்குப் போய்விடும். அதனால் திரையில் தெரிவது நம் பயணமா, இதற்கு முந்தையதா, அடுத்ததா என்று தேதியையும் துறைமுகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தூத்துக்குடிக்கு `INTUT`, கொழும்புக்கு `LKCMB`, கிள்ளான் துறைமுகத்துக்கு `MYPKG` என்று குறிப்பார்கள். இந்த மூன்றும் வரிசையாக இருந்தால் நம்முடையது.

இரண்டாவது சிக்கல்தான் பெரிது. கொழும்பு எல்.சி.எல். சரக்கைப் பிரித்துச் சேர்க்கும் இடமும்கூட. சில கன்சாலிடேட்டர்கள் தூத்துக்குடியில் பூட்டிய பெட்டியை அப்படியே கிள்ளான்வரை அனுப்புவார்கள். சிலர் கொழும்பில் பெட்டியைத் திறந்து, கிள்ளானுக்குப் போகும் சரக்கை மட்டும் வேறு பெட்டியில் மாற்றுவார்கள். மாற்றினால் பழைய எண் கொழும்போடு முடிந்தது. வாங்குபவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பெட்டி காலியாகத் திரும்பியதாகக் காட்டும், அவர் சரக்கு தொலைந்தது என்று நினைப்பார். முன்பதிவு செய்யும்போதே கன்சாலிடேட்டரிடம் கேளுங்கள்: "பெட்டி நேராகக் கிள்ளான் போகுமா, கொழும்பில் மாறுமா?" மாறும் என்றால், புதிய எண் வந்த அன்றே எனக்கு அனுப்ப வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணையும் சுட்டியையும் அனுப்பும் முன், நம் அலுவலகக் கணினியில் இல்லாமல் ஒரு கைப்பேசியில், யாருடைய கணக்கிலும் நுழையாமல் திறந்து பாருங்கள். சில கன்சாலிடேட்டர் தளங்கள் கணக்கு இருப்பவருக்கு மட்டுமே விவரம் காட்டும். நமக்குத் திறப்பது வாங்குபவருக்குத் திறக்கும் என்று இல்லை. திறக்காது என்றால் சுட்டியை விட்டுவிட்டு, நாமே எந்தெந்த நாளில் விவரம் சொல்வோம் என்று எழுதுங்கள்.

தேதிகளைப் போடுவது

வாங்குபவர் கேட்பது ஒரே ஒரு தேதி: "எப்ப வரும்?" ஒரே தேதியைக் கொடுத்தால் அது தவறும்போது எதனால் தவறியது என்று யாருக்கும் தெரியாது. வழியில் உள்ள கட்டங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தேதி கொடுத்தால், எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் போனது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

நம் சரக்குக்கு இப்படிப் போடலாம். நவம்பர் 3 மாலை கோத்தகிரியில் லாரி புறப்பாடு. 4-ம் தேதி தூத்துக்குடி சி.எஃப்.எஸ். 6-ம் தேதி மாலை அந்த வாரப் பெட்டிக்குக் கட்-ஆஃப், அதற்குள் சுங்க அனுமதி முடிந்திருக்க வேண்டும். 7-ம் தேதி பெட்டியில் ஏற்றுதல். 10-ம் தேதி, கொழும்புவரை கொண்டுபோகும் சிறிய கப்பலான ஃபீடர் தூத்துக்குடியை விட்டுப் புறப்பாடு. 11-ம் தேதி கொழும்பு. 15-ம் தேதி கொழும்பிலிருந்து பெரிய கப்பல். 20-ம் தேதி கிள்ளான் துறைமுகம். 24-ம் தேதி பெட்டி பிரித்து, டெலிவரிக்குத் தயார்.

இவை எல்லாம் ஒரே ரகத் தேதிகள் அல்ல, அதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். கட்-ஆஃப் என்பது கறாரானது. அதைத் தவறவிட்டால் சரக்கு அடுத்த வாரப் பெட்டிக்குப் போகும், ஒரு நாள் தாமதம் ஏழு நாளாகும். கப்பல் தேதிகள் உத்தேசம். அவற்றைக் கப்பல் நிறுவனம் மாற்றும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. நாமே தீர்மானிப்பது லாரித் தேதி மட்டும்தான்.

அதனால்தான் லாரியை 3-ம் தேதியே இறக்குகிறோம். 5-ம் தேதி காலை இறக்கினாலும் கணக்குப்படி 6-ம் தேதி தூத்துக்குடி போய்விடும், ஆனால் சுங்க வேலைக்கு நேரம் இருக்காது. மழைக்காலத்தில் மலைப்பாதைக்கென்று ஒரு முழு நாள், சி.எச்.ஏ.வுக்கு ஒரு முழு நாள் என்று தனித்தனியாக ஒதுக்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டால் மரம் ஒன்று சாய்ந்தாலே இரண்டும் போய்விடும்.

கடைசித் தேதி எப்போதும் 24 ஆக இருக்கட்டும், 20 ஆக வேண்டாம். கப்பல் கரைக்கு வருவது வேறு, எல்.சி.எல். பெட்டி சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போய்ப் பிரிக்கப்பட்டு சாக்கு வெளியே வருவது வேறு. இடையில் மூன்று நான்கு நாள் ஆகும். ETA என்று திரையில் தெரிவது கப்பல் கிள்ளானுக்கு வரும் நாள் மட்டுமே. வாங்குபவர் அதைப் பார்த்து லாரி ஏற்பாடு செய்துவிட்டால் அவருக்கு வாடகை நஷ்டம்.

தேதியை 6/11 என்று எழுதாதீர்கள். நவம்பர் 6 என்று மாதத்தின் பெயரோடு எழுதினால் யாரும் ஜூன் 11 என்று படிக்க மாட்டார்கள். நேரம் குறிப்பிட்டால் எந்த நாட்டு நேரம் என்று சேர்த்து எழுதுங்கள். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு மாலை 3 மணி என்றால் அங்கே 5.30, அலுவலகம் மூடும் நேரம். கிள்ளான் ஏஜென்டிடம் கேட்க வேண்டியதைக் காலையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

முதல் செய்தி

லாரி கோத்தகிரியை விட்டுக் கிளம்பிய அன்று இதை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். வாட்ஸ்அப் செய்தி மேலே ஓடிவிடும், பத்து நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது.

> ஐயா, வணக்கம். உங்கள் 60 சாக்கு ஆர்த்தடாக்ஸ் (3 பேலட், 1,800 கிலோ) இன்று மாலை கோத்தகிரியிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது.
>
> நவம்பர் 4: தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.
> நவம்பர் 6 மாலை: கட்-ஆஃப் (இது மாறாது)
> நவம்பர் 10: தூத்துக்குடியில் கப்பல் புறப்பாடு (உத்தேசம்)
> நவம்பர் 11–15: கொழும்பில் கப்பல் மாற்றம் (உத்தேசம்)
> நவம்பர் 20: கிள்ளான் துறைமுகம் (உத்தேசம்)
> நவம்பர் 24: பெட்டி பிரித்து டெலிவரிக்குத் தயார் (உத்தேசம்)
>
> தயவுசெய்து லாரிக்கு 24-ம் தேதியை வைத்துக்கொள்ளுங்கள், 20-ஐ வேண்டாம். கப்பல் பெயர், ஹவுஸ் பி.எல். எண், கன்டெய்னர் எண் மூன்றும் 11-ம் தேதி உங்களுக்கு வரும். அதுவரை எது கேட்பதென்றாலும் என்னைக் கூப்பிடுங்கள்.

கடைசி வரியில் அடுத்து எப்போது எழுதுவோம் என்று சொல்வது முக்கியம். அந்தத் தேதிவரை அவர் நிம்மதியாக இருப்பார். சொன்ன தேதியில் புதிதாக எதுவும் இல்லை என்றாலும் "மாற்றமில்லை, திட்டப்படி போகிறது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மலைப்பாதையில் ஒரு நாள் போனால்

3-ம் தேதி இரவு கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லாரி நடுவழியில் நிற்கிறது. மறுநாள் மதியம் பாதை திறந்து, 5-ம் தேதி காலை தூத்துக்குடி போய்ச் சேர்கிறது. சி.எச்.ஏ. 6-ம் தேதி மதியத்துக்குள் அனுமதி வாங்கிவிடுகிறார்.

இதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டுமா? கப்பல் தவறவில்லையே என்று தோன்றும். சொல்லுங்கள், ஆனால் பாதிப்பு எவ்வளவு என்பதை முதல் வரியிலேயே வைத்துச் சொல்லுங்கள்: "ஐயா, கப்பல் தேதியில் மாற்றமில்லை. மலைப்பாதையில் மண்சரிவால் லாரி ஒரு நாள் தாமதம், இன்று காலை சி.எஃப்.எஸ். உள்ளே போய்விட்டது." காரணத்தை முதலில் எழுதி, விளைவைக் கடைசியில் எழுதினால், படிக்கிறவர் நடுவிலேயே பதறிவிடுவார்.

சுங்க அனுமதி கிடைத்ததா என்று சி.எச்.ஏ. சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. இந்தியச் சுங்கத்துறையின் ICEGATE தளத்தில் துறைமுகக் குறியீடு `INTUT1`, ஷிப்பிங் பில் எண், தேதி போட்டால் LEO கிடைத்த தேதி தெரியும். ஏற்றுமதிக்குச் சுங்கத்துறை கொடுக்கும் இறுதி அனுமதி அது. LEO விழாத சரக்கைப் பெட்டியில் ஏற்ற முடியாது. கட்-ஆஃப் அன்று மாலை 4 மணிக்கும் அது விழவில்லை என்றால், கன்சாலிடேட்டரைக் கூப்பிட்டு அடுத்த பெட்டியின் தேதியைக் கேட்டுவிட்டு அதன் பிறகு வாங்குபவருக்குச் சொல்லுங்கள். புதிய தேதி இல்லாமல் தாமதத்தை மட்டும் சொன்னால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

கப்பல் கிளம்பிய பிறகு

10-ம் தேதி கப்பல் புறப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு, 11-ம் தேதி இரண்டாவது செய்தி. அதில் ஹவுஸ் பி.எல். எண், கன்டெய்னர் எண், சீல் எண், ஃபீடர் கப்பல் பெயரும் பயண எண்ணும், கொழும்பில் ஏற வேண்டிய பெரிய கப்பலின் பெயரும் பயண எண்ணும். கீழே கேட்க வேண்டிய ஆட்கள்:

> கப்பல் கிள்ளான் வரும்வரை: கன்சாலிடேட்டரின் தூத்துக்குடி அலுவலகம். நான் பேசுகிறேன், நீங்கள் என்னைக் கேட்டால் போதும்.
> கப்பல் கிள்ளான் வந்த பிறகு: பி.எல்.லில் உள்ள கிள்ளான் ஏஜென்ட். உங்கள் ஃபார்வர்டிங் ஏஜென்ட் ஹவுஸ் பி.எல். எண்ணைச் சொல்லி நேரடியாகக் கேட்கலாம்.
> நான் போன் எடுக்காவிட்டால்: எங்கள் அலுவலகத்தில் டாக்குமென்ட் பார்ப்பவர்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பெயர், போன் எண், மின்னஞ்சல், எந்த நேரத்தில் கிடைப்பார் என்று போடுங்கள். பொது அலுவலக எண் மட்டும் கொடுப்பதில் பயனில்லை. கிள்ளான் ஏஜென்டிடம் இறக்குமதி எல்.சி.எல். பார்க்கும் ஆள் யார் என்று கன்சாலிடேட்டரிடம் கேட்டு வாங்குங்கள். வாங்குபவரின் ஃபார்வர்டிங் ஏஜென்ட் தமிழ் படிக்காதவராக இருக்கலாம் என்பதால் இதே விவரத்தின் ஆங்கிலப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

கொழும்பில் பெட்டி நின்றுவிட்டதா என்று கண்டுபிடிப்பது

இந்தப் பயணத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் கொழும்பு. பெரிய கப்பலில் இடம் போதவில்லை என்றாலோ, ஃபீடர் பிந்தி வந்தாலோ, பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். துறைமுகத்தில் "ரோல் ஆயிடுச்சு" என்பார்கள். யாரும் நமக்குத் தாமாகப் போன் செய்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடையாளம் இது. தளத்தில் கொழும்புக்கு நேராக Discharged என்று 11-ம் தேதி விழுந்திருக்கும். பெரிய கப்பல் 15-ம் தேதி கிளம்ப வேண்டும். 16, 17 ஆகியும் அடுத்த வரியில் Loaded என்று விழவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். கப்பல் பெயரோ பயண எண்ணோ மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், ரோல் ஆகிவிட்டது. கிள்ளான் ETA மட்டும் பழைய தேதியாகவே சில நாள் நிற்கும், அதை நம்பாதீர்கள். நடந்ததைச் சொல்லும் வரியும் நடக்கப்போவதைச் சொல்லும் வரியும் ஒரே திரையில் இருக்கும்போது, நடந்ததைச் சொல்லும் வரியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே வாங்குபவர்கள் பலர் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. MarineTraffic போன்ற தளங்களில் கப்பலின் பெயரைப் போட்டால் அது கடலில் எங்கே போகிறது என்று வரைபடத்தில் தெரியும். கப்பல் கிள்ளானை நெருங்குவதைப் பார்த்து அவர் சந்தோஷப்படுவார். ஆனால் அந்தத் தளம் கப்பலைத்தான் காட்டுகிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெட்டி கொழும்பு யார்டிலேயே இருக்க, கப்பல் கிள்ளானுக்குப் போய்விட்டிருக்கலாம். கொழும்பில் Loaded என்ற வரி விழுந்த பிறகு மட்டும் வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் சரக்கு 17-ம் தேதிவரை ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். கன்சாலிடேட்டருக்கு மின்னஞ்சல் போடுங்கள். "நிலவரம் என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் "சரிபார்த்துச் சொல்கிறோம்" என்றுதான் பதில் வரும். மூன்று கேள்வி போதும்: 15-ம் தேதிக் கப்பலில் இந்த எண்ணுள்ள பெட்டி ஏறியதா, இல்லையா? இல்லை என்றால் எந்தக் கப்பலில், எந்தப் பயண எண்ணில் இடம் உறுதியாகியிருக்கிறது? பெட்டி அதே பெட்டியா, மாறியதா? போனில் கேட்டாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள், இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. துறைமுகம் ஓடினாலும் அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். சந்தேகம் வந்த நாள் போயாவுக்கு முந்தின நாளாக இருந்தால் அன்றே பேசிவிடுங்கள்.

பதில் வருகிறது: பெட்டி ரோல் ஆகிவிட்டது, 22-ம் தேதிக் கப்பலில் இடம் உறுதி, அதே பெட்டி. இப்போது வாங்குபவருக்கு:

> ஐயா, வணக்கம். டெலிவரி ஏழு நாள் தள்ளிப்போகிறது, நவம்பர் 24-க்குப் பதில் டிசம்பர் 1 (உத்தேசம்). கொழும்பில் 15-ம் தேதிக் கப்பலில் பெட்டி ஏறவில்லை. 22-ம் தேதிக் கப்பலில் இடம் உறுதியாகியிருக்கிறது, கிள்ளான் துறைமுகம் நவம்பர் 27. கன்டெய்னர் எண் அதேதான், கப்பல் பெயர் கீழே. சரக்கு கொழும்புத் துறைமுகத்தில் பத்திரமாக இருக்கிறது. பெட்டி ஏறியதை உறுதி செய்து 23-ம் தேதி எழுதுகிறேன். டிசம்பர் 1-க்கு முன்னால் உங்களுக்குக் கொஞ்சம் சரக்கு அவசரமாக வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பழைய தேதியும் புதிய தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் போனது என்று தெரிகிறது. கடைசி வரியும் சும்மா போட்டதல்ல. அவருடைய கடையில் இருப்பு தீரப்போகிறதென்றால் 50 கிலோ விமானத்தில் அனுப்ப முடியுமா, செலவு யாருக்கு என்று இப்போதே பேசலாம். 30-ம் தேதி பேசிப் பலனில்லை. "சரிங்க, கையில ரெண்டு வாரத்துக்கு இருக்கு, கப்பல்லயே வரட்டும்" என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

உறுதியாகாத தேதியைக் கொடுக்காதீர்கள். "22-ம் தேதி ஏறலாம்" என்று கன்சாலிடேட்டர் சொன்னால், "22 என்கிறார்கள், இன்னும் உறுதியாகவில்லை" என்றே எழுதுங்கள். ஒரு முறை தள்ளிப்போனதை வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். மூன்று முறை இரண்டு இரண்டு நாளாகத் தள்ளினால் அதன் பிறகு நாம் சொல்லும் எந்தத் தேதியையும் நம்ப மாட்டார்.

கிள்ளானில்

கடல் பயணம் சிறியது என்பதால் இங்கே ஒரு கட்டம் பலருக்கு விட்டுப்போகிறது: காகிதம் சரக்குக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். மூல பி.எல்.லைக் கூரியரில் அனுப்புவதானால் அது சேரும் தேதியையும் பட்டியலில் ஒரு கட்டமாகச் சேருங்கள், கூரியர் எண்ணையும் கொடுங்கள். பணம் முழுவதும் வந்துவிட்டதென்றால் தூத்துக்குடியிலேயே பி.எல்.லை சரண்டர் செய்துவிடலாம். அப்போது கிள்ளான் ஏஜென்ட் மூலக் காகிதம் இல்லாமலே டெலிவரி ஆர்டர் கொடுப்பார். சரண்டர் செய்த தகவல் கிள்ளான் ஏஜென்டுக்குப் போய்விட்டதா என்று கேளுங்கள். இங்கே செய்து முடித்தும் அங்கே தகவல் போகாமல் சரக்கு நிற்பதுண்டு.

சி.எஃப்.எஸ்.ஸில் சில நாள் இலவசம், அதன் பிறகு வாடகை. எத்தனை நாள், எந்த நாளிலிருந்து கணக்கு என்பது ஏஜென்டுக்கு ஏஜென்ட் மாறும். கிள்ளான் ஏஜென்டிடமிருந்து எழுத்தில் வாங்கி இரண்டாவது செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள். ரோல் ஆனதால் இந்தக் கணக்கு கெடாது, அது கிள்ளானில் பெட்டி வந்த பிறகுதான் தொடங்கும். வாங்குபவர் இதைத்தான் முதலில் கேட்பார், அதனால் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

விலை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால் மேலே சொன்னதில் ஒரு பெரிய மாற்றம். கன்சாலிடேட்டரை நியமிப்பதும் கப்பல் கட்டணம் கொடுப்பதும் வாங்குபவர். கொழும்பில் பெட்டி நின்றால் கன்சாலிடேட்டரை அவர் கேட்டால்தான் வேலை நடக்கும், நம் கேள்விக்கு அவ்வளவு மரியாதை இருக்காது. அப்போது நம் பட்டியல் கப்பலில் ஏறியதோடு முடிகிறது. 11-ம் தேதிச் செய்தியில் எண்களைக் கொடுத்துவிட்டு, "இதற்குப் பிறகு உங்கள் கன்சாலிடேட்டரின் கிள்ளான் அலுவலகத்தைக் கேளுங்கள், காகிதம் எது வேண்டுமானாலும் என்னைக் கேளுங்கள்" என்று தெளிவாக எழுதுங்கள். பதில் சொல்ல முடியாத கேள்விக்கு நம் எண்ணைக் கொடுத்து வைப்பது அவருக்கும் நேர விரயம்.

சரக்கு கைக்குப் போனதும் 60 சாக்கும் வந்ததா, நனைந்தோ கிழிந்தோ இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சேதம் இருந்தால் சி.எஃப்.எஸ்.ஸிலிருந்து எடுக்கும்போதே டெலிவரிக் காகிதத்தில் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்கும்படி அவருடைய ஏஜென்டுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், காப்பீட்டுக்கு அது வேண்டும். அப்புறம், திட்டமிட்ட தேதிகளுக்குப் பக்கத்தில் நடந்த தேதிகளையும் எழுதி அந்தத் தாளைக் கோப்பில் வையுங்கள். கொழும்புக்கு நான்கு நாள் போட்டிருந்தோம், பதினொன்று ஆனது. அதே கன்சாலிடேட்டரிடம் அடுத்த சரக்கும் போகிறது, ரோல் ஆவது வழக்கமாகவே இருக்கிறது என்றால், அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும்போதே டெலிவரித் தேதியை அதற்கேற்பத் தள்ளிச் சொல்லலாம், அல்லது வேறு கன்சாலிடேட்டரிடம் சென்னையிலிருந்து நேராகக் கிள்ளானுக்குப் பெட்டி இருக்கிறதா என்று கேட்கலாம்.